சாட்பாட் சரியான கருவியை எடுக்க: விளக்கமும் பாராமீட்டர் பெயரும் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுதான் வரும்: கூட்ட அறைகளைப் பதிவு செய்து தரும் ஒரு சாட்பாட். கருவி என்று நான் சொல்வது, சாட்பாட்டின் பின்னால் உள்ள மொழி மாடல் தேவைப்படும்போது அழைக்கும்படி நீங்கள் தரும் ஃபங்ஷனை. விளக்கங்களைத் தமிழிலேயே எழுதிக் காட்டியிருக்கிறேன். அப்படித்தான் எழுத வேண்டுமா என்பதற்கு உள்ளே ஒரு கேள்வி இருக்கிறது.

எங்கள் ஃபங்ஷனுக்குள் என்ன நடக்கிறது என்று மாடலுக்குத் தெரியுமா? அது நிரலைப் படிக்கிறதா?

இல்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், பாராமீட்டர்களைச் சொல்லும் ஜேசன் ஸ்கீமா ஆகிய மூன்றும்தான் மாடலுக்குப் போகின்றன. அந்த ஸ்கீமா ஓபன்ஏஐயின் ஏபிஐயில் `parameters` என்றும், ஆந்த்ரோபிக்கில் `input_schema` என்றும், வெளிக் கருவிகளை மாடலோடு இணைக்கும் எம்சிபி சர்வர்களில் `inputSchema` என்றும் பெயர் பெறும். சேவை எதுவானாலும் இந்த மூன்றும் எழுத்துகளாக மாறி, உரையாடலோடு சேர்ந்து மாடலின் முன் வைக்கப்படுகின்றன. மாடலும் ஃபங்ஷனை இயக்குவதில்லை. எந்தக் கருவியை எந்த மதிப்புகளோடு அழைக்க வேண்டும் என்று எழுதித் தருவதோடு சரி. இயக்குவது உங்கள் சர்வர்.

ஆகவே நிரலில் நீங்கள் எழுதிய கமென்ட், தரவுத்தளத்தின் கட்டமைப்பு, "நம் குழுவில் எல்லோருக்கும் தெரியும்" என்கிற விஷயங்கள் எதுவும் அதற்கு எட்டாது. பத்துச் சொல் விளக்கம் உங்களுக்குப் போதுமானதாகத் தோன்றுவதற்குக் காரணம், மீதி உங்கள் தலைக்குள் இருப்பதுதான்.

எங்களிடம் மூன்றே கருவிகள். இருந்தும் தவறானதை எடுக்கிறது. இது எப்படி?

எண்ணிக்கை குறைவாக இருந்தால் குழப்பம் வராது என்று சொல்ல முடியாது. கருவிகளுக்கு இடையிலான எல்லை எங்கேயும் எழுதப்படாவிட்டால் இரண்டு கருவிகளே போதும். நம் அறைப் பதிவு சாட்பாட்டின் முதல் வடிவம் இது:

```
room_info(room)
  "அறை விவரம் தரும்"
check(room, date)
  "அறை இருக்கிறதா எனப் பார்க்கும்"
book(room, date, time, duration, people)
  "அறை பதிவு செய்யும்"
```

பயனர் இப்படிக் கேட்கிறார்: "நாளை மாலை நான்கு மணிக்கு ஆறு பேருக்கு ஓர் அறை கிடைக்குமா? ஒன்றரை மணி நேரம் போதும்." அவர் கேட்டது கிடைக்குமா என்பதை மட்டுமே. மாடலோ `book` கருவியை அழைத்து, `room` இடத்தில் "any" என்று நிரப்பி அனுப்புகிறது.

விளக்கம் சுருக்கமாக இருந்ததுதான் காரணம் என்று முதலில் தோன்றும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி பாராமீட்டர்களில் இருக்கிறது. பயனர் சொன்ன வாக்கியத்தில் நேரம், ஆள் எண்ணிக்கை, கால அளவு என்று மூன்று தகவல்கள் உள்ளன. அந்த மூன்றையும் வாங்கிக்கொள்ள இடம் வைத்திருக்கும் ஒரே கருவி `book`. `check` கருவிக்கோ அறையின் பெயர் வேண்டும். பயனர் எந்த அறையையும் குறிப்பிடவில்லை. கையில் இருக்கும் தகவல் எந்த ஸ்கீமாவில் பொருந்துகிறதோ அந்தப் பக்கம் மாடல் சாய்கிறது. இதைக் கவனிக்காமல் விளக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் பலர்.

ஆகவே திருத்தம் இரண்டு இடத்தில் வேண்டும். அறை தேடும் கருவிக்கு, மக்கள் தேடும்போது இயல்பாகச் சொல்லும் தகவல்கள் அனைத்தையும் வாங்கும் பாராமீட்டர்கள் தேவை. விளக்கத்தில், பக்கத்துக் கருவியைப் பெயர் சொல்லி எல்லை வகுக்க வேண்டும்:

```
find_rooms
  "குறிப்பிட்ட நாள், நேரத்தில் காலியாக உள்ள கூட்ட அறைகளைத்
  தேடிப் பட்டியல் தரும். எதையும் பதிவு செய்யாது. பயனர்
  'கிடைக்குமா', 'காலியா' என்று கேட்டாலும், அறையைக்
  குறிப்பிடாமல் 'ஓர் அறை வேண்டும்' என்றாலும் முதலில் இதை
  அழைக்கவும். பதிலில் ஒவ்வோர் அறைக்கும் room_id இருக்கும்."

book_room
  "find_rooms தந்த அறைகளில் ஒன்றைப் பதிவு செய்து, அழைக்கப்படும்
  அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். பயனர் ஓர் அறையைத்
  தேர்ந்து ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் அழைக்கவும். ஏற்கெனவே
  உள்ள பதிவை மாற்ற இது பயன்படாது."
```

`book_room` விளக்கத்தில் மின்னஞ்சல் போகும் என்பது ஏன் வருகிறது என்று கேட்கலாம். ஓர் அழைப்பின் பின்விளைவு தெரிந்தால்தான் மாடல் அதற்கேற்பத் தயங்கும். வெறுமே படிக்கும் கருவியும் உலகில் எதையாவது மாற்றிவிடும் கருவியும் ஒரே தொனியில் விவரிக்கப்பட்டால், இரண்டையும் ஒரே அலட்சியத்தோடு அழைக்கும். உங்கள் அமைப்பில் பதிவை மாற்றும் கருவியே இல்லையென்றாலும், கடைசி வரி பயன்படுகிறது: "என் நான்கு மணிக் கூட்டத்தை ஐந்துக்கு மாற்று" என்றால் இன்னொரு புதிய அறையைப் பதிவு செய்துவிடாமல், முடியாது என்று சொல்ல அது இடம் தருகிறது.

விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? நீண்டால் டோக்கன் செலவாகாதா?

ஆகும். கருவிகளின் விளக்கங்கள் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகின்றன. அவை உள்ளீட்டு டோக்கன்களாகவே, அதாவது மாடல் படிக்கும் எழுத்துத் துண்டுகளாகவே, கணக்கில் வரும். ஆனாலும் ஒரு கருவிக்கு மூன்று, நான்கு வாக்கியம் என்பது நியாயமான அளவு. குழப்பம் வரக்கூடிய கருவிக்கு இன்னும் இரண்டு வாக்கியம் கூடினாலும் தவறில்லை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால், இந்த உரையாடலுக்குத் தேவையில்லாத கருவிகளை அனுப்பாமல் விடுங்கள். வெட்ட வேண்டிய இடம் அது.

நான் வெட்டச் சொல்லும் இன்னொன்று, பயனற்ற பெருமிதம்: "இந்தச் சக்திவாய்ந்த கருவி உங்கள் நிறுவனத்தின் அறைகளைத் திறம்பட..." போன்றவை. அதில் மாடல் முடிவெடுக்க உதவும் சொல் ஒன்றுகூட இல்லை.

கருவிக்குப் பெயர் வைப்பதில் விதி ஏதும் உண்டா?

எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இடைவெளி வேண்டாம். லத்தீன் எழுத்துகளே பாதுகாப்பானவை. அதற்குமேல், வினையும் பெயரும் சேர்ந்து இருந்தால் போதும்: `find_rooms`, `book_room`. `check`, `process`, `handle` போன்ற வினைகள் எதையும் சொல்வதில்லை. ஒரே செயலுக்கு ஒரு கருவியில் `get`, இன்னொன்றில் `fetch` என்று கலந்து வைத்தால், இரண்டுக்கும் ஏதோ வேறுபாடு இருப்பதாக மாடல் எடுத்துக்கொள்ளக்கூடும்.

சரியான கருவியை எடுக்கிறது, ஆனால் மதிப்புகள் தவறாக வருகின்றன. `duration` என்பதைவிடத் தெளிவான பெயர் உண்டா?

உண்டு: `duration_minutes`. நம் பயனர் ஒன்றரை மணி நேரம் கேட்டார். `duration` என்ற பெயரும் `number` என்ற வகையும் மட்டும் இருந்தால் 1.5 என்று வரலாம், 90 என்று வரலாம், சில வேளை 5400 என்றும் வரலாம். மூன்றும் ஏதோ ஓர் அலகில் சரி. சர்வர் நிமிடத்தை எதிர்பார்த்தால், 1.5 என்பது ஒன்றரை நிமிடப் பதிவாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் 1.5 ஒரு முறையான எண். ஒப்புதல் செய்தியில் "பதிவாகிவிட்டது" என்று பார்த்த பயனர் நிம்மதியாகப் போய்விடுவார். நாலு மணி தாண்டியதும் அதே அறைக்கு வேறு யாரோ பதிவோடு வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

அலகைப் பெயரிலேயே வைப்பதோடு, வகையை `integer` ஆக்கி, `minimum` 15, `maximum` 480 என்று எல்லையும் கொடுத்தால் மூன்று அடுக்குப் பாதுகாப்பு. பெயர் மாடலுக்கு வழிகாட்டுகிறது. எல்லை, அதையும் தாண்டி வரும் தவறை உங்கள் சரிபார்ப்புக்குப் பிடித்துக் கொடுக்கிறது. ஆனால் ஸ்கீமாவில் எல்லை எழுதியதாலேயே அது காக்கப்படும் என்று நம்ப வேண்டாம். எல்லாச் சேவைகளும் `minimum`, `maximum` போன்றவற்றை மாடலின் மீது கட்டாயப்படுத்துவதில்லை. சர்வரில் நீங்களே சரிபார்த்தாக வேண்டும்.

பணம், எடை, தூரம், வெப்பநிலை என எண்ணோடு அலகு ஒட்டியிருக்கும் எதற்கும் இதே வழிதான்.

"நாளை", "அடுத்த வெள்ளி" என்றெல்லாம் சொல்கிறார்கள். தேதி ஏன் அடிக்கடி தவறுகிறது?

மாடலுக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் பயிற்சித் தரவிலிருந்து ஓர் ஆண்டை ஊகித்து நிரப்பும். கடந்துபோன ஆண்டுக்கு அறை தேடுவதை இப்படித்தான் பார்க்கிறோம். சிஸ்டம் செய்தியில் "இன்று 2025-03-13, வியாழன்" என்று கிழமையோடு எழுதுங்கள். கிழமையைக் கொடுக்காமல் விட்டால், தேதியிலிருந்து கிழமையைக் கணக்கிடும்போது மாடல் சறுக்கலாம். கிழமை பேச்சில் அதிகம் அடிபடும் பாட் என்றால், அடுத்த 14 நாள்களின் தேதியையும் கிழமையையும் ஒரு சிறு பட்டியலாகவே கொடுத்துவிடலாம். கணக்குப் போடும் வேலையை மாடலிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள்.

அடுத்தது வடிவம். `date` என்பதற்கு வெறும் `string` என்று மட்டும் சொன்னால் "03/04/2025" வரக்கூடும். அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? விளக்கத்தில் வடிவத்தையும் ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்து எழுதுங்கள்:

```json
"date": {
  "type": "string",
  "description": "கூட்டம் நடக்கும் நாள், YYYY-MM-DD வடிவில். எ.கா. 2025-03-14"
},
"start_time": {
  "type": "string",
  "description": "தொடங்கும் நேரம், அலுவலகம் உள்ள இடத்தின் நேரப்படி, 24 மணிக் கணக்கில் HH:MM. எ.கா. 16:00. காலையா மாலையா என்று தெரியாவிட்டால் பயனரிடம் கேட்கவும்."
}
```

தேதியையும் நேரத்தையும் ஒரே புலமாக வைக்காமல் நான் இரண்டாகப் பிரித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. `2025-03-14T16:00:00` என்ற முழு வடிவத்தைக் கேட்டால், மாடல் பழக்க தோஷத்தில் இறுதியில் ஒரு `Z` சேர்த்துவிடுவதுண்டு. அந்த ஒரே எழுத்து, நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றிவிடும். கூட்டம் சில மணி நேரம் தள்ளிப் போய்விடும். `HH:MM` என்று மட்டும் கேட்டால் `Z` ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. வேண்டாத ஒன்றை எழுதாதே என்று சொல்வதைவிட, எழுத இடம் தராமல் விடுவது நல்லது.

"அடுத்த வெள்ளி" என்பதை மனிதர்களே இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். அதை எந்த விளக்கமும் தீர்க்காது. பதிவுக்கு முன் பாட் தேதியைச் சொல்லி உறுதி கேட்பதே வழி.

அறையின் அடையாள எண்ணை மாடல் தானாகக் கற்பனை செய்து நிரப்புகிறது. எப்படி நிறுத்துவது?

முதலில் பாராமீட்டர் `id` என்றோ `room` என்றோ இருக்கக் கூடாது. `room` என்றால் அறையின் பெயரா, எண்ணா, உள் அடையாளமா என்று தெரியாது. பயனர் "பெரிய அறை" என்று சொன்னால் அதையே நிரப்பிவிடும். `room_id` என்று வைத்து, அந்த மதிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: "find_rooms பதிலில் வந்த room_id. அறையின் பெயரையோ ஊகித்த மதிப்பையோ இங்கே தரக் கூடாது."

இரண்டாவது, அடையாளத்தின் உருவம். அறைகள் 1, 2, 3 என்று எண்ணப்பட்டிருந்தால், மாடல் ஊகித்த "3" உண்மையிலேயே ஓர் அறையாக இருந்துவிடும்; தவறான அறை சத்தமில்லாமல் பதிவாகிவிடும். `rm_7f3k` போன்ற உருவம் என்றால் ஊகம் ஏறக்குறைய எப்போதும் தோற்கும். தோற்றால் பிழை வரும், பிழை வந்தால் சரிசெய்யலாம். பிழையே வராத தவறுதான் ஆபத்து.

பயனரின் சொந்த அடையாளம் வேறு கதை. `user_id` என்ற பாராமீட்டரை ஸ்கீமாவிலிருந்தே எடுத்துவிடுங்கள். யார் உள்நுழைந்திருக்கிறார் என்று சர்வருக்குத் தெரியும், அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். மாடலிடம் அதைக் கேட்பது தவறுக்கு இடம் தருவதோடு, "நான் இன்னார், என் பதிவுகளைக் காட்டு" என்று வேறொருவர் ஏமாற்றவும் வழி திறக்கிறது.

எதை `required` ஆக்குவது, எதை விடுவது?

கட்டாயம் என்று குறித்தால் மாடல் அதை எப்படியாவது நிரப்பப் பார்க்கும். ஆள் எண்ணிக்கை கட்டாயமாக இருந்து, பயனர் அதைச் சொல்லாவிட்டால், திரும்பிக் கேட்பதற்குப் பதில் 1 என்றோ 10 என்றோ எழுதிவிடுவது சகஜம். ஆகவே, அந்தத் தகவல் இல்லாமல் ஃபங்ஷன் இயங்கவே முடியாது என்றால் மட்டும் கட்டாயமாக்குங்கள். அப்போதும் "பயனர் சொல்லாவிட்டால் ஊகிக்காமல் கேட்கவும்" என்று எழுதுங்கள். மற்றவற்றை விருப்பமாக்கி, விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள்: "தராவிட்டால் எல்லா அளவு அறைகளும் தேடப்படும்." இந்த வரி இல்லாவிட்டால், விடுவதற்கு மாடல் தயங்கும்.

மாடலின் விடை ஸ்கீமாவை மீறாமல் காக்கும் `strict` என்ற அமைப்பு ஓபன்ஏஐயில் உண்டு. அந்தக் கண்டிப்பான முறையில் எல்லாப் பாராமீட்டர்களும் `required` பட்டியலில் இருந்தாக வேண்டும். அங்கே விருப்பமானதற்கு வகையை `["integer", "null"]` என்று வைப்பார்கள். பயனர் சொல்லவில்லை என்றால் `null`.

கண்டிப்பான முறையை இயக்கிவிட்டால் இதெல்லாம் தேவையில்லைதானே?

அது வடிவத்தை மட்டும் காக்கும். எண் கேட்ட இடத்தில் எண் வரும், பட்டியலில் இல்லாத மதிப்பு வராது. 90 வர வேண்டிய இடத்தில் 2 வந்தால், இரண்டும் எண்கள்தாம்.

`enum` எப்போது நல்லது?

`enum` என்பது அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியல். மதிப்புகள் சிலவே, அவை அடிக்கடி மாறாதவை என்றால் நல்லது. இருக்கை அமைப்புக்கு `rows`, `u_shape`, `boardroom` என்று வைத்தால், மாடல் தன் போக்கில் "U-type" என்று எழுதாது. ஆனால் ஒவ்வொரு மதிப்பும் எதைக் குறிக்கிறது என்று விளக்கத்தில் ஒரு சொல்லாவது இருக்கட்டும். `type_a`, `type_b` என்று வைத்து விளக்காமல் விட்டால், `enum` வெறும் சீட்டுக் குலுக்கல்தான். பட்டியலில் பொருந்துவது எதுவுமில்லாதபோது என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். வழி வைக்காவிட்டால் அருகில் உள்ள ஒன்றைத் திணித்துவிடும்.

பயனர்கள் தமிழில் பேசுகிறார்கள். விளக்கத்தைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

இரண்டிலும் வேலை நடக்கும். பயனர் தமிழில் கேட்டு, விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பெரிய மாடல்கள் இணைத்துக்கொள்கின்றன. பெரும்பாலான மாடல்களில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் எடுக்கும் என்பதால், கருவிகள் நிறைய இருந்தால் ஆங்கில விளக்கம் சிக்கனம். அப்படி எழுதினாலும், மக்கள் வாயில் வரும் தமிழ்ச் சொற்களில் குழப்பம் தரக்கூடியவற்றை விளக்கத்துக்குள் அப்படியே வையுங்கள். "ஒன்றரை", "முக்கால்", "ஒன்றேகால்" ஆகியவை கால அளவில் வரும்; `duration_minutes` விளக்கத்தில் "ஒன்றேகால் மணி = 75" என்று ஓர் எடுத்துக்காட்டு இருந்தால் அது வீண் அல்ல.

பெரிய எழுத்தில் "கட்டாயம்", "ஒருபோதும் கூடாது" என்று அடுக்கினால் கேட்குமா?

கேட்கும், அளவுக்கு மீறியும் கேட்கும். "அறை பற்றிய எந்தக் கேள்விக்கும் கட்டாயம் find_rooms" என்று எழுதினால், "நேற்று அறையில் என் குடையை விட்டுவிட்டேன்" என்பதற்கும் காலி அறைகளைத் தேடித் தரும். கட்டளையோடு காரணத்தையும் சேர்த்து எழுதினால் இவ்வளவு விறைப்பு வராது.

தவறான மதிப்பு வந்துவிட்டால் கருவி என்ன பதில் அனுப்ப வேண்டும்?

அந்தப் பதிலையும் மாடல்தான் படிக்கிறது. ஆகவே அதுவும் ஒரு விளக்கமே. "400 Invalid input" என்று வந்தால், அதே அழைப்பை மீண்டும் அனுப்பும் அல்லது பயனரிடம் மன்னிப்புக் கேட்கும். இப்படி வந்தால் தானே திருத்திக்கொள்ளும்:

```
"room_id 'பெரிய அறை' செல்லாது. find_rooms அழைத்து,
அதன் பதிலில் உள்ள room_id-ஐப் பயன்படுத்தவும்."
```

விளக்கத்தை மாற்றினேன். உண்மையில் முன்னேற்றம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயனர்கள் உண்மையில் பேசும் வாக்கியங்களைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் கருவியையும் மதிப்புகளையும் எழுதிவையுங்கள். ஒரு கருவிக்குப் பத்து வாக்கியம் தொடக்கத்துக்குப் போதும். அவற்றில் எல்லைக்கோட்டில் நிற்பவை அதிகம் இருக்கட்டும். எந்தக் கருவியையும் அழைக்கக் கூடாத வாக்கியங்களும் இருக்கட்டும். மேலே சொன்ன குடை வாக்கியம் அப்படி ஒன்று. பலரும் விட்டுவிடுவது இந்த வகையைத்தான்.

மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்: கருவி சரியா, மதிப்புகள் சரியா. முதலாவது தவறினால் பெரும்பாலும் விளக்கத்திலோ, பாராமீட்டர்கள் எந்தக் கருவியில் இருக்கின்றன என்பதிலோ சிக்கல். இரண்டாவது மட்டும் தவறினால் பாராமீட்டரின் பெயரையும் அதன் விளக்கத்தையும் பாருங்கள். ஒரே வாக்கியத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடை வராது என்பதால், பல முறை ஓட்டி எத்தனை முறை சரி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முழுத் தொகுப்பையும் ஓட்டுங்கள். `find_rooms` விளக்கத்தைப் பலமாக்கினால், `room_info` கருவிக்குப் போக வேண்டிய "அந்த அறையில் புரொஜெக்டர் இருக்கிறதா?" என்ற கேள்வியை அது பறித்துக்கொள்ளலாம், `find_rooms` வாக்கியங்களை மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது. சோதனை வாக்கியங்களையே எடுத்து விளக்கத்தில் எடுத்துக்காட்டாக ஒட்டிவிடவும் வேண்டாம். அவை நூற்றுக்கு நூறு தேறும். பயனர் வேறு சொற்களில் கேட்கும்போது நிலைமை பழையபடியே இருக்கும். மாடலின் பதிப்பை மாற்றும் நாளிலும் இதே தொகுப்பை ஓட்டுங்கள், ஒரு பதிப்புக்குப் பொருந்திய சொற்கள் அடுத்ததில் அதே பலன் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.